கார்ட் வரை வந்தவர் எங்கே போனார்?

இணையத்தில் புடவையோ மசாலாப் பொடியோ மரச்செக்கு எண்ணெயோ விற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே புலம்பலைக் கேட்கலாம். "கூட்டமெல்லாம் போன்லதான் வருது. ஆனா வாங்குறது என்னமோ கம்ப்யூட்டர்ல வர்றவங்கதான்." கணக்கைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வரும் நூறு பேரில் இரண்டு பேர் வாங்கினால், போனில் வரும் நூறு பேரில் ஒருவர் வாங்குவதே பெரும்பாடு. உடனே பழி விளம்பரத்தின் மேல் விழுகிறது. படம் சரியில்லை, காட்டிய ஆட்கள் சரியில்லை என்று சொல்லி போன் விளம்பரத்துக்கான பணத்தைப் பாதியாக வெட்டிவிடுகிறார்கள்.

இந்த அவசரத்தில் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. அந்த இடைவெளி எந்தப் படியில் திறக்கிறது?

விளம்பரம் செய்யக்கூடியது, சரியான ஆளைக் கூட்டிவந்து பொருளின் முன் நிறுத்துவது. அவர் பொருளைப் பார்த்து, பிடித்து, கார்ட்டில் போட்டு, 'வாங்கு' என்ற பொத்தானையும் அழுத்திவிட்டார் என்றால் விளம்பரம் தன் வேலையை முடித்துவிட்டது. கடைக்குள் வந்து, சாமானை எடுத்துக்கொண்டு, பில் போடும் இடம் வரை வந்தவர் அங்கேயே வைத்துவிட்டுப் போனால், வாசலில் மாட்டிய பலகையை யாரும் குறை சொல்வதில்லை.

எனவே மொத்த விகிதத்தை விட்டுவிட்டு, படிப்படியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூகுள் அனலிட்டிக்ஸ் வைத்திருப்பவர்கள் add_to_cart, begin_checkout, add_payment_info, purchase என்ற நான்கு நிகழ்வுகளையும் போனுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று எனத் தனித்தனியாக எடுத்தால் போதும். விளக்குவதற்காக ஒரு புடவைக் கடைக்கு நானே எண்களை அமைத்துக்கொள்கிறேன்.

ஒரு மாதத்தில் போனில் 10,000 வருகை, 90 ஆர்டர். அதாவது 0.9 சதவீதம். கம்ப்யூட்டரில் 2,000 வருகை, 44 ஆர்டர், 2.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேலான வித்தியாசம். இனி நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். போனில் வந்தவர்களில் 600 பேர் கார்ட்டில் போட்டார்கள், அதாவது நூற்றுக்கு 6. கம்ப்யூட்டரில் 130 பேர், நூற்றுக்கு 6.5. கிட்டத்தட்ட சமம்! கார்ட்டிலிருந்து செக்அவுட்டுக்குப் போனவர்கள் போனில் 360, கம்ப்யூட்டரில் 80. இரண்டிலும் பத்துக்கு ஆறு பேர். இதுவரை விளம்பரத்தின் மேல் சொல்ல ஒரு குற்றமும் இல்லை. ஆனால் செக்அவுட்டில் நுழைந்தவர்களில் வாங்கி முடித்தவர்கள் கம்ப்யூட்டரில் 55 சதவீதம், போனில் 25 சதவீதம். மொத்தப் பள்ளமும் இந்த ஒரு படியில்தான் கிடக்கிறது. போனிலும் 55 சதவீதம் பேர் முடித்திருந்தால் ஆர்டர் 198 ஆகியிருக்கும். இரண்டு விகிதங்களும் ஏறக்குறைய ஒன்றாகியிருக்கும்.

விலை அதிகம், டெலிவரி கட்டணத்தைக் கடைசியில் காட்டினோம் என்ற காரணங்களை இங்கே சொல்வதில் பயனில்லை. அவை விற்பனையைக் கெடுப்பவைதான், ஆனால் இரண்டு திரையிலும் ஒரே மாதிரி கெடுப்பவை. இடைவெளியை விளக்க, போனில் மட்டும் நடக்கும் ஒன்றைத் தேட வேண்டும்.

தேடலை இன்னும் ஒரு படி குறுக்கலாம். போனில் நுழைந்த 360 பேரில் 300 பேர் முகவரியை நிரப்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியவர்கள் 90. ஆக முகவரிப் பக்கம் கொஞ்சம் தொந்தரவு, பணம் கட்டும் பக்கம் பெரிய தொந்தரவு. அந்த 300 பேரை எந்த உலாவியில் இருந்தார்கள் என்று பிரித்தால் விஷயம் வெளியே வருகிறது. குரோமில் இருந்த 100 பேரில் 60 பேர் கட்டிவிட்டார்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செயலிகளுக்குள்ளேயே திறக்கும் உலாவியில் இருந்த 200 பேரில் கட்டியவர்கள் 30 பேர்தான்.

பலர் கவனிக்காத இடம் இது. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்தைத் தொட்டால் கடையின் பக்கம் பொதுவாகக் குரோமில் திறப்பதில்லை. அந்தச் செயலியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்ன உலாவி திறக்கிறது. குரோமில் சேமித்து வைத்த முகவரியோ, கடவுச்சொல்லோ, ஏற்கெனவே செய்த லாகினோ அங்கே வராது. யுபிஐ பொத்தானைத் தொட்டால் கடை upi:// என்று தொடங்கும் இணைப்பை அனுப்பி, போனில் உள்ள பணச் செயலியை எழுப்பப் பார்க்கிறது. உள் உலாவி அந்த இணைப்பை வெளியே அனுப்ப அமைக்கப்படாதிருந்தால் ஒன்றும் நடக்காது, அல்லது ERR_UNKNOWN_URL_SCHEME என்று ஒரு வெள்ளைப் பக்கம் வரும். வாங்க வந்தவருக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? மூடிவிட்டுப் போவார். கம்ப்யூட்டரில் இந்தச் சிக்கலே இல்லை. திரையில் கியூஆர் வரும், கையில் இருக்கும் போனால் ஸ்கேன் செய்தால் முடிந்தது.

கார்டில் கட்டுபவருக்கு வேறு சங்கடம். இந்தியாவில் இணையத்தில் கார்டு கட்டணத்துக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 முதல் விதித்திருக்கிறது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓடிபி. கம்ப்யூட்டரில் வாங்குபவர் போனைப் பார்த்துக்கொண்டே எண்ணைத் தட்டுகிறார். போனில் வாங்குபவர் உலாவியை விட்டு மெசேஜுக்குப் போய்த் திரும்ப வேண்டும். நினைவகம் குறைந்த போனில் திரும்பி வருவதற்குள் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறத் தொடங்கிவிடும்.

கேஷ் ஆன் டெலிவரி தரும் கடைகளுக்கு இன்னொரு தடயம் உண்டு. கம்ப்யூட்டர் ஆர்டர்களைவிடப் போன் ஆர்டர்களில் அதன் பங்கு மிக அதிகமாக இருந்தால், போனில் வருபவர்கள் ஏழைகள் என்றோ நம்பிக்கையில்லாதவர்கள் என்றோ முடிவுகட்ட வேண்டாம். முன்பணம் கட்டும் வழி அடைத்துக்கொண்டதால் அந்தப் பக்கம் திரும்பியிருக்கலாம்.

இதற்கெல்லாம் பெரிய ஆய்வு தேவையில்லை. முதலாளி அலுவலகக் கம்ப்யூட்டரில், முகவரி ஏற்கெனவே நிரம்பிய கணக்கில் சோதித்துப் பார்த்து "நல்லாத்தானே ஓடுது" என்பார். அது சோதனையே இல்லை. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டா, லாகின் செய்யாத நிலை, அதுவும் விளம்பரத்தையே தொட்டு உள்ளே வந்து, சொந்தப் பணத்தைக் கட்டி ஒரு பொருளை வாங்கிப் பார்க்க வேண்டும். பின்கோடு கட்டத்தைத் தொட்டால் எழுத்துப் பலகை வருகிறதா, எண் பலகையா? inputmode="numeric" என்ற ஒரு சொல் சேர்த்தால் தீர்கிற குறை அது. பலகை எழும்பும்போது 'பணம் கட்டு' பொத்தான் அதன் கீழே மறைகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். ஒன்று, இரவில் போனில் தொடங்கி மறுநாள் கம்ப்யூட்டரில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். போனில் பாதியில் விட்ட செக்அவுட்களின் கைப்பேசி எண்களைக் கம்ப்யூட்டர் ஆர்டர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் எத்தனை பேர் என்று தெரியும். அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தால், போன் விளம்பரத்தை வெட்டிய மாதத்தில் கம்ப்யூட்டர் விற்பனையும் சேர்ந்து விழும். இரண்டாவது, விளம்பரம் உண்மையிலேயே மோசமாக இருப்பதும் உண்டு. விளையாட்டுச் செயலிகளில் விரல் தவறிப் பட்டு வந்தவர்கள் சில விநாடிகளில் திரும்பிப் போவார்கள். அப்போது பள்ளம் மேலேயே, கார்ட்டுக்கு முன்பே தெரியும். போனில் கார்ட் விகிதம் கம்ப்யூட்டரில் பாதிகூட இல்லையென்றால், முதலில் விளம்பரத்தையும் பொருள் பக்கத்தையும்தான் பார்க்க வேண்டும்.

குறையைத் திருத்திய பிறகு விளம்பரத்தை மாற்றாமல் சில வாரம் அப்படியே ஓட விடுவது நல்லது. கம்ப்யூட்டர் எண்கள் சிறியவை என்பதால் ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்தை நம்ப முடியாது. போனில் கார்ட் விகிதம் பழைய இடத்திலேயே நிற்க, செக்அவுட்டை முடிப்பவர்கள் மட்டும் கூடினால் கணிப்பு சரி. கூடாவிட்டால், அடுத்து முகவரிப் பக்கத்தில் நின்றுபோன அந்த 60 பேரைத் தேடிப் போக வேண்டும்.