பின்னோக்கும் பின்னணிக் குரலும்

நாகபுரித் தொடர்வண்டி நிலையத்தின் வாயில். மாலை நேரம். மேல்நிலைக் கல்விக்காக மதுரையிலுள்ள அத்தை வீட்டுக்குப் புறப்படுகிறாள் கயல்விழி. தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடக்கிறாள். தந்தை முருகேசன் மட்டும் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

"நீங்க ரெண்டு பேரும் உள்ளே போங்க. நான் இங்கேயே நிக்கிறேன்" என்கிறார்.

கயல்விழி திரும்பிப் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் உள்ளே செல்கிறாள்.

இது ஒரு குறும்படத்தின் முதற்காட்சி என்று கொள்வோம். பார்ப்பவர் மனத்தில் ஒரு வினா எழுகிறது: மகளை வழியனுப்ப வந்தவர் ஏன் நடைமேடைக்கு வரவில்லை? இதற்கான விடை முருகேசனின் இளமைக் காலத்தில் இருக்கிறது. நிகழும் கதையை நிறுத்தி, முன்பு நடந்ததைக் காட்டுவது பின்னோக்கு உத்தி எனப்படும். பேசுபவரின் வாயசைவு திரையில் தெரியாமல், காட்சியின் மேல் ஒலிக்கும் குரல் பின்னணிக் குரல் எனப்படும். இக்கதைக்கு இரண்டும் தேவைப்படுகின்றன.

வினா முன்னே, விடை பின்னே

பின்னோக்குக் காட்சி ஓடும் வரையில் நிகழ்காலக் கதை நகர்வதில்லை. எனவே, விடையை அறியும் ஆவல் பார்ப்பவருக்கு முன்பே பிறந்திருக்க வேண்டும். முருகேசனின் இளமைக் கதையைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டினால், அது யாரோ ஒரு சிறுவனின் கதையாக நிற்கும். அவர் வாயிலில் தயங்கி நின்ற பின்பு காட்டினால், அதே காட்சி விடையாக மாறும்.

எஸ். பாலசந்தர் இயக்கி 1954-ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்' திரைப்படம் இதற்கு நல்ல சான்று. பாடல்களே இல்லாத இப்படத்தின் தொடக்கத்திலேயே வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றவர் யார் என்ற வினா எழுந்த பிறகே, விசாரிக்கப்படுவோரின் வாய்மொழியாகப் பழைய நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக விரிகின்றன. படத்தின் பெரும்பகுதி கடந்த காலத்தில் நடந்தாலும், அந்த ஒரு வினா கதையை இழுத்துச் செல்கிறது.

எங்கே நுழைவது, எங்கே வெளியேறுவது?

முருகேசன் பதினைந்து வயதில் வேலை தேடி ஊரைவிட்டுப் புறப்பட்டவர். இதை முதன்முறையாக எழுதுபவர் பெரும்பாலும் வீட்டிலிருந்தே தொடங்குவார். பெட்டி கட்டுதல், தாயின் அழுகை, பேருந்துப் பயணம், மதுரை நிலையம் என்று மூன்று பக்கங்கள் வளரும். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி மூன்று நிமிடங்கள் முருகேசன் வாயிலிலேயே காத்து நிற்பார். பார்ப்பவர் அவரை மறந்தே போவார்.

எழுந்த வினா நடைமேடையைப் பற்றியது. ஆகவே, வீடும் பேருந்தும் தேவையில்லை. நடைமேடையின் இறுதிக் கணம் போதும். திருத்திய வடிவம் இவ்வாறு அமையலாம்:

நிலையத்தினுள் ஏதோ ஒரு வண்டி கூவுகிறது. அவ்வொலி நீள்கிறது. மதுரை நிலையம். மழை. சன்னல் கம்பியைப் பற்றியிருக்கும் சிறுவனின் கைகள். வெளியே நிற்கும் தந்தை இட்லிப் பொட்டலம் ஒன்றைக் கம்பிகளுக்கிடையே நீட்டுகிறார். சிறுவன் வாங்கிக்கொள்கிறான். வண்டி நகர்கிறது. தந்தை சில அடிகள் உடன் நடந்து, நின்றுவிடுகிறார். கூவல் ஓய்கிறது. நாகபுரி நிலைய வாயில்.

இது அரைப் பக்கம்கூட இல்லை. வண்டியின் கூவல் ஒரு கதவுபோல இருந்து, பார்ப்பவரைக் கடந்த காலத்துக்குள் அழைத்துச் சென்று மீண்டும் கொண்டுவந்து விடுகிறது. 'இருபது ஆண்டுகளுக்கு முன்பு' என்று திரையில் எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை.

சிறுகதையில் இந்தக் கதவை வினைச்சொல் அமைத்துத் தருகிறது. "அன்று மதுரை நிலையத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா வெளியே நின்றிருந்தார்" என்று முதல் ஓரிரு தொடர்களில் காலத்தை உணர்த்திவிட்டால், அடுத்து "நீட்டினார், வாங்கினான், நகர்ந்தது" என்று எளிய இறந்தகாலத்திலேயே எழுதிச் செல்லலாம். ஒவ்வொரு தொடரையும் 'நீட்டியிருந்தார், வாங்கியிருந்தான்' என்று முடித்தால் நடை கனத்துப்போகும். நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது 'இப்போது' என்னும் ஒரு சொல்லோ, நாகபுரிக்கு உரிய ஓர் ஒலியோ போதும்.

குரல் எதைச் சொல்ல வேண்டும்?

இக்காட்சியின் மேல் முருகேசனின் குரல் ஒலிக்கிறது. முதல் வடிவம்:

"அன்று நல்ல மழை. நான் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். வண்டி புறப்பட்டது. அப்பா கூடவே நடந்து வந்தார்."

இதில் பிழையான தொடர் ஒன்றும் இல்லை. பயனுள்ள தொடரும் இல்லை. ஐந்தையும் கண் ஏற்கெனவே கண்டுவிட்டது. கண்டதையே காதும் கேட்கும்போது காட்சி கனமின்றிப் போகிறது.

இரண்டாம் வடிவம்:

"அந்தப் பொட்டலம் வாங்கிய காசு, அப்பா ஊர் திரும்ப வைத்திருந்த பேருந்துக் காசு. அவர் போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது."

இந்தச் செய்தியைப் படத்தால் காட்ட முடியாது. சிறுவனுக்கும் அன்று அது தெரியாது. வளர்ந்த முருகேசனுக்கே தெரியும். தந்தை மழையில் நடந்தே ஊர் திரும்பியதையும், அவரை மகன் மீண்டும் பார்க்கவில்லை என்பதையும் குரல் நேராகச் சொல்லவில்லை. பார்ப்பவர் தாமே உணர்ந்துகொள்கிறார். படம் நிகழ்ச்சியைத் தருகிறது. குரல் பிற்காலத்து அறிவைத் தருகிறது.

குரல் படத்துக்கு மாறாகவும் பேசலாம். சிறுவன் கண்ணைத் துடைப்பது திரையில் தெரியும்போது, "எனக்கு அழுகையே வரல" என்று குரல் சொன்னால், சொல்பவரின் வீம்பு வெளிப்படும். ஆனால், ஒரு காட்சியில் இதை ஒருமுறை செய்யலாம்; அடுத்தடுத்துச் செய்தால் வேடிக்கையாகிவிடும்.

சோதிக்கும் வழி

எழுதி முடித்தபின், குரலுக்குரிய தொடர்களில் திரையில் தெரிவதைச் சொல்லும் ஒவ்வொன்றையும் அடிக்கோடிட வேண்டும். அடிக்கோடிட்டவை அனைத்தும் நீக்கத்தக்கவை. பின்னர், பின்னோக்குக் காட்சியை முழுவதுமாக எடுத்துவிட்டுக் கதையைப் படிக்க வேண்டும். எதுவும் குறையவில்லை என்றால் அக்காட்சி கதைக்குத் தேவையில்லை.

முருகேசன் கதையில் அக்காட்சியை எடுத்துவிட்டால் முடிவு விளங்காது. கூவல் ஓய்ந்ததும் அவர் கை சட்டைப்பையைத் தொடுகிறது. நடைமேடைச் சீட்டு வாங்கும் வரிசையில் போய் நிற்கிறார். அடுத்த காட்சியில், வண்டியின் சன்னல் கம்பிகளுக்கிடையே ஓர் இட்லிப் பொட்டலம் நீள்கிறது. கயல்விழி நிமிர்ந்து பார்க்கிறாள். இங்கே குரல் தேவையில்லை.

பயிற்சி

1. பின்னணிக் குரல் முருகேசனுடையதாக இல்லாமல் கயல்விழியுடையதாக இருந்தால், எந்தச் செய்தியை அவளால் சொல்ல இயலாது? ஏன்?

2. பூட்டிய வீட்டின் முன் ஒரு முதியவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே திறக்காமல் நிற்கிறார். இதற்கு அரைப் பக்க அளவில் பின்னோக்குக் காட்சி ஒன்றும், இரண்டு தொடர்களில் பின்னணிக் குரலும் எழுதுக.