களிமண் உருவ அசைவூட்டம்: பகல் வெளிச்சத்தில் படமெடுத்தல்

களிமண் உருவ அசைவூட்டம் என்பது ஓர் உருவத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனிப் புகைப்படமாக எடுத்து, அவற்றை வேகமாக ஓடவிட்டு அசைவாகக் காட்டும் முறையாகும். இது ஸ்டாப் மோஷன் வகையைச் சேர்ந்தது. கைப்பேசி, முக்காலி, சன்னல் வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டே இதைச் செய்யலாம். ஆனால் பகல் வெளிச்சத்தில் எடுக்கும் படங்களில் மினுக்கம் என்னும் குறை எளிதில் வந்துவிடும். அதாவது, ஓடும் படம் மாறி மாறி வெளுத்தும் கறுத்தும் துடிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு களிமண் புழு மேசையில் 30 செ.மீ. தூரம் ஊர்வதாகக் கொள்வோம். காட்சியின் நீளம் 5 நொடி. நொடிக்கு 12 படங்கள் என்றால் மொத்தம் 60 படங்கள் தேவை. புழுவைப் படத்துக்குப் படம் சராசரியாக 5 மி.மீ. நகர்த்த வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் 1 அல்லது 2 மி.மீ. மட்டும் நகர்த்தி, நடுவில் கூட்டினால் அசைவு இயல்பாக இருக்கும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் வேலை முடிய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் சூரியன் வானில் 15 பாகை நகர்ந்துவிடும்; வெயில் நேராக விழும் இடமானால் நிழலும் நகரும். படம் ஓடும்போது அந்த ஒரு மணி நேர நகர்வு 5 நொடியில் தெரியும்.

மினுக்கத்தின் காரணங்கள்

முதற்காரணம் கைப்பேசியே. அது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்ச அளவையும் நிறத்தையும் தானாகத் திருத்திக்கொள்ளும். எனவே கேமராவின் Pro பகுதியில் ISO, S, WB ஆகிய மூன்றையும் நிலையாக வைக்க வேண்டும். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று தோன்றும். இது வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டும்.

இரண்டாவது காரணம் மேகம். சூரியனை மேகம் மறைத்தால் விலகும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் படமெடுப்பவர். அவரது வெள்ளைச் சட்டை உருவத்தின்மேல் ஒளியைத் திருப்பும். உடல் ஒளியை மறைக்கும். அடர்நிற உடை அணிந்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, 3 நொடி டைமர் வைத்துப் படமெடுக்க வேண்டும். டைமர் வைப்பதால் விரல் பட்டுக் கைப்பேசி ஆடுவதும் தவிரும்.

இடமும் நேரமும்

நேர்வெயில் விழாத சன்னலே ஏற்றது. வடக்குச் சன்னலில் வெயில் படாது என்று பொதுவாகச் சொல்வர். ஆனால் தமிழ்நாட்டில் மே முதல் ஆகஸ்டு முற்பகுதி வரை நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருக்கும். அப்போது அது ஏறக்குறைய உச்சியில் இருப்பதால், சன்னலுக்கு மேலே வெயில்மறைப்பு இருந்தால் போதும். காலை 10.30 முதல் பிற்பகல் 1.30 வரை ஒளியின் நிறமும் அதிகம் மாறாது.

களிமண்

குயவர் களிமண் ஒரு மணி நேரத்தில் காயத் தொடங்கி வெடிக்கக்கூடும். எண்ணெய் கலந்த பிளாஸ்டிசின் காயாது. எனினும் வெப்பத்தில் இளகித் தொய்யும். ஆகவே கால்கள் குட்டையாகவும் தடிப்பாகவும் இருப்பது நல்லது.

முன்சோதனை

உருவத்தைத் தொடாமல், நிமிடத்துக்கு ஒன்றாக 10 படங்கள் எடுத்து ஓடவிட்டுப் பார்க்கவும். மினுக்கம் தெரிந்தால் குறை ஒளியிலோ கேமராவிலோ உள்ளது. படம் குதித்தால் முக்காலி அசைகிறது. இரண்டும் இல்லையென்றால் புழுவை நகர்த்தத் தொடங்கலாம்.