இறங்கிய வியூஸ் எந்த நாளில் இறங்கியது?

ஒரு சமையல் சேனல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் எட்டு நிமிட மீன்குழம்பு வீடியோ ஒன்று. நேற்று அதன் கீழே 21,300 பார்வைகள் என்று இருந்தது, இன்று காலை 12,700 என்று காட்டுகிறது. 8,600 பார்வைகளைக் காணோம். பதறிப்போய் அனலிடிக்ஸைத் திறந்தால் குழப்பம் இன்னும் கூடும். நேற்றும் இன்றும் வழக்கம்போல நானூறு சொச்சம் பார்வைகள்தான். வரைபடத்தில் பள்ளம் எதுவும் இல்லை. அப்படியானால் எண்ணிக்கை எங்கே இறங்கியது?

வீடியோவின் கீழே தெரியும் எண் இறுதிக் கணக்கு அல்ல. யாராவது வீடியோவை ஓட்டியதும் அது கணக்கில் ஏறிவிடுகிறது, சரிபார்ப்பு அதன் பிறகும் தொடர்கிறது. பார்த்தது மனிதரா, நிரலா? அவர் விரும்பிப் பார்த்தாரா, வேறொரு பக்கத்தைத் திறந்தபோது வீடியோ தானாக ஓடியதா? இவற்றுக்கு விடை கிடைக்கச் சில சமயம் நாட்கள் ஆகும். செல்லாது என்று முடிவாகும் பார்வைகள் பின்னர் கழிக்கப்படும்.

முன்பு இந்தச் சரிபார்ப்பு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. புதிய வீடியோக்களின் எண்ணிக்கை 301-இல் வந்து நின்றுவிடும். லைக்குகள் ஆயிரக்கணக்கில் ஏறிக்கொண்டிருக்க, பார்வைகள் மட்டும் அசையாது. முந்நூறுக்கு மேல் போனால் சரிபார்த்த பிறகே கூட்டுவது என்று அன்றைக்கு ஏற்பாடு. 2015 ஆகஸ்டில் யூடியூப் அந்த முறையைக் கைவிட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாத பார்வைகளை உடனே காட்டிவிட்டு, மற்றவற்றைச் சோதித்துச் சேர்க்கும் முறை வந்தது. அப்போது எண் உறைந்து நின்றது. இப்போது ஏறிவிட்டுச் சில நேரம் இறங்குகிறது.

கழிக்கப்படுபவை பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது, காசு கொடுத்து வாங்கிய பார்வைகள். 'பத்தாயிரம் வியூஸ் இவ்வளவு ரூபாய்' என்று விற்பவர்கள் பாட் நிரல்களையோ, ஒருவருக்கொருவர் வீடியோவை ஓட்டிக்கொள்ளும் பரிமாற்றக் குழுக்களையோதான் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது, தானாக ஓடும் வீடியோக்கள். இணையப் பக்கத்தில் பொதித்த வீடியோ பக்கம் திறந்ததும் தானே ஓடினால் அது பார்வைக் கணக்கில் சேராது, பார்ப்பவர் ப்ளே பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும் என்பது யூடியூப்பின் விதி. மூன்றாவது, ஒரே ஆள் அல்லது ஒரே இடம் திரும்பத் திரும்ப ஓட்டுவது. யூடியூப்புக்கே பணம் கட்டிச் செய்யும் விளம்பரம் இந்தப் பட்டியலில் வராது. அந்தப் பார்வைகள் தனி வகையாகக் கணக்கில் நிற்கும்.

இனி வரைபடத்துக்கு வருவோம். 8,600 பார்வைகள் நீக்கப்பட்டது இன்று. ஆனால் அனலிடிக்ஸ் அதை இன்றைய கணக்கில் கழிப்பதில்லை. அந்தப் பார்வைகள் எந்த நாளில் வந்தனவோ, அந்த நாளின் எண்ணையே திருத்தி எழுதிவிடுகிறது. ஆறாம் தேதி 9,400 என்று உயர்ந்து நின்ற முகடு, இப்போது 800 என்று தணிந்திருக்கும். பழைய எண்ணைப் பார்க்காதவருக்கு அங்கே ஒரு முகடு இருந்ததே தெரியாது. அதனால் நீக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரே உறுதியான வழி, பழைய கணக்கின் நகல் ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான்.

யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸைத் திறந்து Advanced mode-க்குப் போனால், நாள்வாரிக் கணக்கைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை இறக்கி வைத்தால் போதும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எந்தத் தேதியின் எண் மாறியிருக்கிறதோ அந்தத் தேதியில்தான் விஷயம் நடந்திருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். அனலிடிக்ஸின் நாள், அமெரிக்க பசிபிக் நேரப்படி தொடங்குகிறது. நம் ஊர்க் கணக்கில் அது பகல் பன்னிரண்டரை அல்லது ஒன்றரை மணி. ஏழாம் தேதி காலை நடந்தது, ஆறாம் தேதிக் கணக்கில் இருக்கும். கடைசி 48 மணி நேரத்தைக் காட்டும் நிகழ்நேர எண்கள் வெறும் மதிப்பீடு. அவை பின்னர் சற்றே மாறுவதை நீக்கம் என்று எண்ண வேண்டாம்.

நம் மீன்குழம்பு வீடியோவின் இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுவோம். பழைய கோப்பில் ஆறாம் தேதி 9,400 பார்வைகள். அவற்றில் 8,700, External என்ற வகையில், அதாவது யூடியூப்புக்கு வெளியே இருந்து வந்தவை. மீதி 700 பேர் சராசரியாக 3 நிமிடம் 20 நொடி பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்தவை 12 நொடி மட்டுமே நின்றன. இரண்டும் சேர்ந்ததால் அன்றைய சராசரி பார்வை நேரம் 26 நொடிக்குச் சரிந்திருந்தது. புதிய கோப்பில் 800 பார்வைகள்தான், ஆனால் சராசரி 2 நிமிடம் 56 நொடி. பார்வை விழுந்து, சராசரி நேரம் தாவி ஏறியிருப்பதுதான் நீக்கத்தின் அடையாளம். வந்த வகைகளைப் பிரித்துப் பார்த்தால் குறைவு முழுவதும் External-இல்தான் இருக்கிறது. யூடியூப் தேடலிலோ பரிந்துரையிலோ ஒரு பார்வைகூடக் குறையவில்லை.

External கூடினாலே போலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பு பரவினாலும் அது அங்கேதான் ஏறும். அந்த வகையைச் சொடுக்கினால் எந்தத் தளம், எந்தச் செயலி என்ற பட்டியல் வரும். உண்மையாகப் பரவிய வீடியோவில் லைக்கும் கருத்தும் கூடவே வரும், எண்ணிக்கை இரண்டு மூன்று நாட்களில் படிப்படியாக இறங்கும். போலியில் சில மணி நேரம் ஒரே சீராக ஏறிவிட்டு, கத்தரித்ததுபோல நின்றுவிடும். தமிழில் பேசும் வீடியோவுக்குச் சம்பந்தமே இல்லாத நாட்டிலிருந்து கூட்டம் வந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: விலை கூடுதலான பாட்கள் நிமிடக்கணக்கில் ஓடவிடுகின்றன. அங்கே சராசரி நேரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம், மற்ற அடையாளங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீக்கத்தால் போவது பார்வை எண் மட்டுமல்ல. நம் உதாரணத்தில் ஏறத்தாழ 29 மணி நேரப் பார்வை நேரமும் போய்விட்டது. விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சந்தாதாரர்களோடு ஓராண்டில் 4,000 மணி நேரம் சேர்க்கப் பாடுபடுகிறவருக்கு இது இழப்பாகத் தோன்றும். ஆனால் அந்த நிபந்தனையே செல்லுபடியாகும் மணி நேரங்களைத்தான் கேட்கிறது. ஏற்கெனவே வருமானம் பெறுகிறவர்களுக்கும், ஸ்டூடியோவில் தெரிவது மதிப்பீட்டு வருமானம்தான். செல்லாத பார்வைகளுக்கான தொகை மாதக் கணக்கை முடிக்கும்போது கழிந்துவிடும்.

தேதி தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, அன்று யார் என்ன செய்தார்கள் என்பது. 'புரமோஷன் பண்ணித் தர்றேன்' என்று பணம் வாங்கியவர் அன்றுதான் வேலையைத் தொடங்கினாரா? அவர் செய்ததற்கும் சேனல் உரிமையாளரே பொறுப்பு என்கிறது யூடியூப். போலிப் பார்வை விதியை மீறினால் வீடியோ நீக்கப்படலாம், சேனலே முடக்கப்படலாம். அப்படியொருவர் இருந்தால், அடுத்த தவணையைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தேதியைக் காட்டி, பார்வைகள் எங்கிருந்து வந்தன என்று அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.