நாக்பூரில் நடுநிசி

போன வாரம் மெம்ஃபிஸ் விமான நிலையத்தில் நிறுத்தியிருந்தோம். எல்லா ஊர்ப் பார்சலும் ஓர் ஊரில் கூடி, பிரிந்து, அங்கிருந்து கிளம்பும் ‘ஹப்’ முறை தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். அந்த முறையை எப்போது விட்டுவிட்டு ஊருக்கு ஊர் நேராக வண்டி ஓட்டலாம் என்பதை இந்த வாரம் பார்ப்பதாக இருந்தது. நடுவில் நாக்பூர் வந்து சேர்ந்துவிட்டது. அதை எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஃபெடெக்ஸ் மெம்ஃபிஸில் தன் முதல் இரவை நடத்தியது 1973 ஏப்ரல் 17-இல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1949 ஜனவரி இறுதியில், நம் தபால் துறை இதே முறையில் இரவு விமானத் தபாலைத் தொடங்கிவிட்டது. அப்போது தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு ஊர்களிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பும். நான்கும் நடுநிசி வாக்கில் நாக்பூரில் இறங்கும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் போய்ச் சேரும். அதே ஆண்டு ஏப்ரலில், உள்நாட்டுக் கடிதங்கள் தனி விமானக் கட்டணம் இல்லாமலே விமானத்தில் போகலாம் என்றும் ஆனது. மதுரைக்காரர் டெல்லிக்கு எழுதிய சாதாரணக் கடிதம்கூட இந்த நாக்பூர் சந்திப்பைத் தொட்டுப் போகும் வாய்ப்பு வந்தது.

ஏன் நாக்பூர்? ‘நாட்டின் நடுவில் இருக்கிறது’ என்பது எல்லோரும் சொல்லும் பதில். அது போதாது. ஒரு வரைபடத்தை விரித்து ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போடுங்கள். ஒன்று டெல்லியிலிருந்து சென்னைக்கு, மற்றொன்று மும்பையிலிருந்து கொல்கத்தாவுக்கு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் நாக்பூர் இருக்கும். வான்வழியில் டெல்லி–சென்னை சுமார் 1,760 கிலோமீட்டர். நாக்பூர் வழியாகப் போனாலும் கிட்டத்தட்ட அதே 1,760தான். மும்பை–கொல்கத்தாவும் அப்படியே, நேராகப் போனாலும் நாக்பூரில் இறங்கிப் போனாலும் 1,660-க்குக் கொஞ்சம் மேலே. ஆக, இந்த இரண்டு ஜோடிகளுக்கும் ஹப் என்பது சுற்றுவழியே இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. ஒரு நாற்கரத்தின் நான்கு மூலைகளுக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால், மொத்தம் மிகக் குறைவாக வரும் புள்ளி அதன் மூலைவிட்டங்கள் வெட்டும் இடம்தான். காரணம் எளிது. வேறு எங்கே ஹப்பை வைத்தாலும் டெல்லியிலிருந்து அதைத் தொட்டுச் சென்னை போகும் வழி, நேர்க்கோட்டைவிடக் குறைய முடியாது. மும்பை–கொல்கத்தாவுக்கும் அதே கதை. இரண்டும் ஒருசேரக் குறைந்தபட்சத்தைத் தொடுவது அந்த வெட்டுப்புள்ளியில் மட்டும். இந்த நான்கு ஊர்களுக்கு நாக்பூரை விடப் பொருத்தமான விமான நிலையத்தை வரைபடத்தில் தேடுவது வீண்வேலை.

இப்போது நேரடி முறையோடு ஒப்பிடலாம். நான்கு ஊர் என்றால் ஆறு ஜோடி. ஆறு தடத்திலும் தினமும் போக வர விமானம் பறந்தால் ஓர் இரவுக்கு ஏறத்தாழ 16,600 கிலோமீட்டர். நாக்பூர் வழியில் நான்கு விமானம் போய்த் திரும்பினால் 6,900-க்குள் முடிந்துவிடுகிறது. விமானக் கணக்கு இன்னும் தெளிவு. அன்று தபால் சுமந்த டகோட்டா மணிக்கு 270 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும் விமானம். டெல்லி–சென்னை நேராகப் போக ஆறரை மணி நேரம், அதே இரவில் திரும்ப வழியே இல்லை. ஆகவே இருமுனையிலும் ஒவ்வொன்று வேண்டும். கொல்கத்தாவைத் தொடும் மூன்று தடங்களும் அந்த ரகம்தான். மும்பையிலிருந்து டெல்லிக்கும் சென்னைக்கும் மட்டும் ஒரே விமானம் போய் வரலாம். ஆக மொத்தம் பத்து விமானம் தேவைப்படும் வேலையை நாக்பூர் நான்கில் முடித்தது. மீனம்பாக்கத்தில் இரவு ஒன்பதரைக்குக் கிளம்பும் டகோட்டா, நாக்பூரில் ஒரு மணி நேரம் நின்றாலும் காலை ஐந்தரைக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கு சொல்கிறது.

நஷ்டப்பட்டது யார்? மும்பை–சென்னை. நேராக 1,035 கிலோமீட்டர் இருக்கும் வழி, நாக்பூர் போய் வருவதால் 1,590 ஆகிறது. ஹப்பை உடைக்க வேண்டும் என்ற பேச்சு எந்த கூரியர் கம்பெனியிலும் இப்படிப்பட்ட ஜோடியிடமிருந்துதான் முதலில் கிளம்பும். சரக்கு நிறைய, சுற்றும் நிறைய.

ஹப்பின் உண்மையான பலவீனம் தூரம் அல்ல, கடிகாரம். ஒரு ராத்திரி சென்னை விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். நாக்பூரில் மாற வேண்டியவை ஊருக்கு மூன்றாகப் பன்னிரண்டு பை. மற்ற மூன்று விமானமும் காத்திருந்தால் பன்னிரண்டும் தாமதம். காத்திருக்காமல் கிளம்பினால் சென்னையிலிருந்து வரும் மூன்று பை மட்டும் ஒரு நாள் தங்கிவிடும். சென்னைக்குப் போக வேண்டிய மூன்றும் தங்கள் விமானம் வந்ததும் ஏறிவிடும், ஒரு மணி தாமதம் அவ்வளவுதான். மீதி ஆறுக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. எத்தனை நிமிடம் வரை காத்திருப்பது என்பதை ராத்திரி ஒரு மணிக்கு ஓடுதளத்தில் நின்று முடிவு செய்யக் கூடாது, முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒரு ஹப் சரியாக நடக்கிறதா என்று அறிய, கடைசி விமானம் இறங்குவதற்கும் முதல் விமானம் ஏறுவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று பார்த்தால் போதும். அந்த இடைவெளி வாரா வாரம் சுருங்கினால், கூடிய சீக்கிரம் ஒரு முழு இரவு கெடப்போகிறது என்று பொருள்.

நாக்பூருக்கும் மெம்ஃபிஸுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நான்கு ஊருக்கு, கிளம்பும் இடத்திலேயே மூன்று பையாகக் கட்டிவிடலாம். நடுவில் யாரும் பையைப் பிரிக்க வேண்டியதில்லை, இந்த விமானத்திலிருந்து அந்த விமானத்துக்குத் தூக்கிப் போட்டால் போதும். ஃபெடெக்ஸின் முதல் இரவில் 14 ஃபால்கன் விமானம், 25 ஊர், மொத்தம் 186 பார்சல். இருபத்தைந்து ஊருக்கும் எங்கிருந்து எங்கே என்று திசை பிரித்தால் 600 வழி. மூன்று வழிக்கு ஒரு பார்சல்கூட இல்லை! ஊருக்கு ஒரு பை கட்டினால் அநேகப் பைகள் காலி. ஆகவே மெம்ஃபிஸில் ஒவ்வொரு பார்சலையும் கையில் எடுத்து, முகவரி பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே 186-ஐ ஊர்வாரியாகக் கூட்டினால் சராசரி ஏழெட்டு வருகிறது. ஏழெட்டு பார்சலுக்காக விமானம் அனுப்புவது நஷ்டம்தான், ஆனாலும் ஒரு கம்பெனி கொஞ்ச காலம் தாங்கக்கூடிய நஷ்டம். வழிக்கு மூன்றில் ஒரு பங்கு பார்சலுக்காக நேர் விமானம் அனுப்புவதை ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது.

பெயர்க்கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபெடெக்ஸின் முழுப்பெயரான ஃபெடரல் எக்ஸ்பிரஸில் உள்ள ‘ஃபெடரல்’, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் காசோலைகளை ராத்திரியோடு ராத்திரியாகச் சுமக்கும் ஒப்பந்தம் கிடைக்கும் என்று ஃப்ரெட் ஸ்மித் நம்பியதால் வந்தது. ஒப்பந்தம் கிடைக்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. முதல் ஃபால்கனுக்கு அவர் தம் மகள் வெண்டியின் பெயரை வைத்தார். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மறுபடி கணக்குக்கு வருவோம். அந்த 25 ஊரோடு இருபத்தாறாவது ஊரைச் சேர்த்தால் ஹப்பில் கூடுவது ஒரே ஒரு தடம், திறப்பது 50 புது வழி. அந்த வளர்ச்சியே ஒரு கட்டத்தில் மெம்ஃபிஸை மூச்சுத் திணற வைத்தது. 1988-இல் இண்டியானாபோலிஸில் இன்னொரு ஹப் வந்தது. மும்பை–சென்னை போன்ற ஒரு ஜோடிக்கு எத்தனை கிலோ சரக்கு சேர்ந்தால் ஹப்பைத் தாண்டி நேர் விமானம் விடலாம், அப்படி விட்டால் ஹப்பில் மிச்சமிருக்கும் பார்சல்களின் செலவு என்ன ஆகும் என்ற கணக்கை அடுத்த வாரம் போடுவோம்.