நீலத்தில் தெரியும் வெள்ளைக் கோடுகள்

புற்றுநோய்க் கட்டி பக்கத்துத் திசுவுக்குள் நுழையும்போது எம்.எம்.பி-2, எம்.எம்.பி-9 என்ற இரண்டு நொதிகள் வழியிலுள்ள புரதங்களை வெட்டிக் கொடுக்கின்றன. செல் வளர்த்த திரவத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க உதவுவது ஜெலட்டின் சைமோகிராபி.

ஜெல்லை வார்க்கும்போதே அதில் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் ஜெலட்டினைக் கலந்துவிடுவார்கள். மாதிரியுடன் எஸ்.டி.எஸ். என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் சேரும். அது நொதியின் மடிப்பைக் குலைத்துச் செயலிழக்க வைப்பதால், மின்சாரம் பாயும்போது புரதங்கள் எடைவாரியாகப் பிரிகின்றன. வழக்கமான ஜெல்லுக்குச் செய்வதுபோல மாதிரியைக் கொதிக்க வைத்தாலோ, மெர்காப்டோஎத்தனால் சேர்த்தாலோ கதை முடிந்தது; நொதி மீளாது.

பிறகு நொதியை எழுப்ப வேண்டும். 2.5 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 கரைசலில் ஜெல்லை இருமுறை, அரை மணி நேரம் வீதம் அலசினால் எஸ்.டி.எஸ். வெளியேறி, நொதி மறுபடி மடிந்துகொள்ளும். அலசல் போதாவிட்டால் கோடுகள் மங்கும். அடுத்து, கால்சியம் உள்ள கரைசலில் 37 டிகிரியில் ஓரிரவு. நொதி நிற்கும் இடத்தில் மட்டும் ஜெலட்டின் கரையும். கூமாசி நீலம் ஏற்றினால் அங்கே வெள்ளைக் கோடு.

92 கிலோடால்டனில் தெரிவது எம்.எம்.பி-9இன் முன்வடிவம், 72இல் எம்.எம்.பி-2இன் முன்வடிவம். உடலில் இவை செயலற்றவை, எஸ்.டி.எஸ். பூட்டைத் திறந்துவிடுவதால் ஜெல்லில் வெட்டுகின்றன. எனவே கோட்டைக் கண்டதும் கட்டியில் நொதி வேலை செய்தது என்று எழுதுவது அவசரம். இன்னொரு ஜெல்லை இ.டி.டி.ஏ. கலந்த கரைசலில் ஊறவைத்துப் பார்ப்பதும் அவசியம்: அங்கே கோடு மறைந்தால், வெட்டியது உலோகம் சார்ந்த நொதிதான்.