கூடுதலாக ஒரு மணி நேரம் படித்தால் எத்தனை மதிப்பெண்?

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் y = mx + c என்ற நேர்கோட்டுச் சமன்பாட்டைப் படித்திருப்போம். m என்பது சாய்வு, c என்பது y வெட்டு. தேர்வில் இரண்டு புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே செல்லும் கோட்டைக் கேட்பார்கள். அதற்கு ஒரே விடைதான் உண்டு. ஒரு வகுப்பில் பிள்ளைகள் வீட்டில் படித்த நேரத்தையும் அவர்கள் எடுத்த மதிப்பெண்ணையும் வரைபடத்தாளில் குறித்தால் நிலைமை வேறு. புள்ளிகள் மொத்தத்தில் மேல்நோக்கி ஏறும், ஆனால் ஒரே கோட்டில் நிற்காது. அவற்றுக்கு நடுவே போடத்தக்க கோடு எது, அதன் சாய்வு நமக்கு என்ன சொல்கிறது என்பதுதான் லீனியர் ரெக்ரஷன் என்னும் முறையின் வேலை. கோட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். அதன் சாய்வைச் சரியாகப் படிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள்.

விளக்கத்துக்காக எட்டு மாணவர்களைக் கற்பனை செய்துகொள்வோம். அவர்கள் வீட்டில் தினமும் படித்த நேரம் முறையே 1, 1.5, 2, 2.5, 3, 3.5, 4, 4.5 மணி. கணக்குத் தேர்வில் நூற்றுக்கு அவர்கள் எடுத்த மதிப்பெண்கள் அதே வரிசையில் 42, 50, 47, 58, 61, 60, 72, 74. இரண்டு மணி நேரம் படித்தவர் ஒன்றரை மணி நேரம் படித்தவரைவிட மூன்று மதிப்பெண் குறைவாக எடுத்திருக்கிறார். மூன்றரை மணி நேரக்காரரும் மூன்று மணி நேரக்காரருக்குக் கீழேதான். உண்மையான வகுப்பிலும் இப்படித்தான் முன்னே பின்னே இருக்கும்.

ஒரு கோட்டைப் போட்டதும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு இடைவெளி தெரியும். அவர் உண்மையில் எடுத்த மதிப்பெண்ணுக்கும், அவர் படித்த நேரத்துக்குக் கோடு காட்டும் மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அது. எல்லா இடைவெளிகளையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ, அதுவே நமக்கு வேண்டிய கோடு. இந்த மீச்சிறு வர்க்க முறையை 1805-இல் முதன்முதலில் அச்சில் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணித மேதை லெஜாந்தர். வால்மீன்களின் பாதையைக் கணிக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

கணினி இல்லாமலேயே இதைச் செய்துவிடலாம். ஒருமுறையாவது கையால் செய்து பார்ப்பது நல்லது. படித்த நேரத்தின் சராசரி 2.75 மணி, மதிப்பெண்ணின் சராசரி 58. ஒவ்வொரு மாணவரும் இந்த இரண்டு சராசரிகளிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் மாணவர் நேரத்தில் 1.75 குறைவு, மதிப்பெண்ணில் 16 குறைவு. இரண்டையும் பெருக்கினால் 28. எட்டுப் பேருக்கும் இப்படிப் பெருக்கிக் கூட்டினால் 94 வரும். நேர விலகல்களை மட்டும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 10.5. முதல் தொகையை இரண்டாவதால் வகுக்க, 8.95. இதுதான் சாய்வு. சராசரி மாணவர் எப்போதும் கோட்டின் மேலேயே இருப்பார் என்பதால், 58-இலிருந்து 2.75 மடங்கு சாய்வைக் கழித்தால் y வெட்டு 33.38 என்று கிடைத்துவிடும்.

பைத்தான் மொழியில் இதே வேலையைச் செய்யப் பலரும் நாடுவது சைகிட்-லேர்ன் என்ற இலவச நூலகத்தை. நிறுவும்போது `pip install scikit-learn` என்று தட்ட வேண்டும். நிரலுக்குள் அழைக்கும்போது மட்டும் அதன் பெயர் `sklearn`.

```python
import numpy as np
from sklearn.linear_model import LinearRegression

hours = np.array([1, 1.5, 2, 2.5, 3, 3.5, 4, 4.5])
marks = np.array([42, 50, 47, 58, 61, 60, 72, 74])

X = hours.reshape(-1, 1)
model = LinearRegression()
model.fit(X, marks)

print(model.coef_.round(2))
print(round(model.intercept_, 2))
```

திரையில் `[8.95]` என்றும் `33.38` என்றும் வரும். கையால் போட்ட அதே கணக்கு. `fit` என்ற ஒரு வரிதான் கோட்டைப் பொருத்துகிறது. சாய்வு `coef_` என்ற பெயரிலும், y வெட்டு `intercept_` என்ற பெயரிலும் கிடைக்கின்றன. சாய்வைத்தான் இங்கே குணகம் என்கிறோம். அது சதுர அடைப்புக்குள் வருவதற்குக் காரணம் உண்டு. படித்த நேரத்தோடு தூங்கிய நேரம், வருகை நாட்கள் என்று வேறு பத்திகளும் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணகம் வரும். நம்மிடம் ஒரே பத்திதான் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் அநேகமாக எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் அந்த `reshape(-1, 1)`. அதை விட்டுவிட்டு `hours`-ஐ அப்படியே கொடுத்தால் `Expected 2D array, got 1D array instead` என்ற பிழைச் செய்தி வரும். சைகிட்-லேர்ன் எப்போதும் ஒரு அட்டவணையை எதிர்பார்க்கிறது, வரிசைக்கு ஒரு மாணவர், பத்திக்கு ஒரு விவரம் என்று. நாம் கொடுத்ததோ எட்டு எண்கள் கொண்ட வெறும் பட்டியல். எட்டு மாணவர்களுக்கு ஒரு விவரமா, ஒரே மாணவருக்கு எட்டு விவரங்களா என்று அதற்குத் தெரியாது. எட்டு வரிசை, ஒரு பத்தி என்று `reshape` அடுக்கித் தருகிறது.

இனி அந்த 8.95-ஐப் படிப்போம். குணகத்துக்கு அலகு உண்டு என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும். இங்கே அது, தினசரி ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மதிப்பெண் என்பது. இதே நேரத்தை நிமிடத்தில் எழுதிக் கணக்கிட்டால் குணகம் 0.149 ஆகிவிடும். எண் சுருங்கியதால் படிப்பின் பலன் சுருங்கிவிடவில்லை. கோடு அதேதான், 60-ஆல் வகுபட்டிருக்கிறது, அவ்வளவே. ஆகவே அலகைச் சொல்லாமல் குணகம் பெரியது, சிறியது என்று பேசுவதில் பொருளில்லை.

அலகோடு சேர்த்துச் சரியாகச் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம்: இந்த எட்டுப் பேரில், ஒருவரைவிட மற்றவர் தினமும் ஒரு மணி நேரம் அதிகம் படித்திருந்தால், அவருடைய மதிப்பெண் சராசரியாக 9 அதிகமாக இருந்தது. இது மாணவருக்கும் மாணவருக்கும் இடையே செய்த ஒப்பீடு. ஒரு குறிப்பிட்ட பிள்ளையை நாளை முதல் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் 9 மதிப்பெண் ஏறும் என்ற வாக்குறுதி இதில் இல்லை. இரண்டு வாக்கியங்களும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருப்பதால், முதலாவதைக் கணக்கிட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்லிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதிகம் படித்த பிள்ளைக்கு வீட்டில் தனி மேசை இருந்திருக்கலாம், டியூஷன் இருந்திருக்கலாம், கணக்கு முன்பே பிடித்த பாடமாக இருந்திருக்கலாம். இவற்றின் பங்கும் அந்த 8.95-க்குள் கலந்திருக்கிறது. நேரத்தின் பங்கு மட்டும் எவ்வளவு என்று இந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

y வெட்டை இன்னும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். வீட்டில் படிக்கவே படிக்காதவர் 33.38 எடுப்பார் என்று அது சொல்வதுபோலத் தோன்றும். ஆனால் நம் பட்டியலில் சுழியம் மணி நேரக்காரர் ஒருவரும் இல்லை. தரவு 1 மணியில் தொடங்கி 4.5 மணியில் முடிகிறது. அந்த எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டுவது நம் துணிச்சல்தான். மறுமுனையில் இது பளிச்சென்று தெரியும். `model.predict([[8]])` என்று எட்டு மணி நேரத்துக்குக் கேட்டால் 105 என்று விடை வரும். நூற்றுக்கு நூற்றைந்து! தேர்வுக்கு உச்சவரம்பு உண்டு, களைப்புக்கும் எல்லை உண்டு என்பது நேர்கோட்டுக்குத் தெரியாது.

குணகம் எவ்வளவு உறுதியானது என்பது அடுத்த கேள்வி. வேறு எட்டு மாணவர்களை எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கும். இந்தத் தரவுக்கு 95 விழுக்காடு நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 6.5 முதல் 11.4 வரை வருகிறது. இவ்வளவு அழகாக ஏறும் புள்ளிகளுக்கே வீச்சு இத்தனை அகலம். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு 8.95238 என்று ஐந்து தசம இடங்களுக்கு எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். சைகிட்-லேர்னின் `LinearRegression` இந்த வீச்சைத் தருவதில்லை. மதிப்பைக் கணிப்பதுதான் அதன் முதன்மை நோக்கம். குணகத்தை விளக்க வேண்டியவர்கள் `statsmodels` என்ற இன்னொரு நூலகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது வகுப்பில் ஒன்பதாவதாக ஒரு மாணவரைச் சேர்ப்போம். முந்தைய தேர்வில் தோற்றுப்போய், பயத்தில் தினமும் ஆறு மணி நேரம் படிக்கிறார். அடிப்படை புரியாததால் இந்த முறை 40 எடுக்கிறார். இந்த ஒரு வரிசையைச் சேர்த்து மீண்டும் `fit` செய்தால் குணகம் 8.95-இலிருந்து 2.11-க்கு விழுகிறது. y வெட்டு 49.43-க்கு ஏறுகிறது. கோடு தரவோடு எவ்வளவு ஒட்டிப்போகிறது என்று `model.score` காட்டும் அளவு 0.93-இலிருந்து 0.07 ஆகிறது. பழைய எட்டுப் பேரும் அப்படியே இருக்க, ஒரே ஒருவர் முழுக் கதையையும் மாற்றிவிட்டார். இடைவெளிகளை வர்க்கப்படுத்துவதால் பெரிய இடைவெளிக்குப் பலம் மிக அதிகம். அதுவும் நேர அச்சின் ஓரத்தில் தனியாக நிற்கும் புள்ளி என்றால் கோட்டையே தன் பக்கம் இழுத்துவிடும்.

அவரைத் தரவிலிருந்து நீக்கிவிடலாமே என்று தோன்றும். எழுத்துப் பிழையால் வந்த எண் என்றால் நீக்கலாம், அல்லது திருத்தலாம். இவரோ உண்மையான பிள்ளை. குறைவாக மதிப்பெண் எடுத்ததால்தான் அதிகம் படிக்கிறார், அதாவது காரணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. இப்படிப்பட்டவர்கள் நாலைந்து பேர் இருக்கும் வகுப்பில் குணகம் எதிர்மறையாகவே வரக்கூடும். அதைப் பார்த்து, படித்தால் மதிப்பெண் குறையும் என்று யாரும் சொல்ல மாட்டோம். எட்டுப் பேரின் 8.95-ஐக் கண்டு நேரம் மட்டுமே மதிப்பெண்ணைக் கொடுத்தது என்று சொல்வதும் அதே தவறுதான். நமக்குப் பிடித்த திசையில் எண் வந்ததால் அது கண்ணில் படுவதில்லை.

குணகத்தை மட்டும் பார்த்திருந்தால் 2.11 என்பதன் பின்னால் இருக்கும் அந்த மாணவரை நாம் கண்டிருக்கவே மாட்டோம். வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்திருந்தால் ஒரு பார்வையில் தெரிந்திருப்பார். தங்கள் வகுப்பின் மதிப்பெண்களை இப்படி ஆராய நினைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: `fit` என்று தட்டுவதற்கு முன் புள்ளிகளை வரைந்து பாருங்கள், ஓரத்தில் தனித்து நிற்கும் பிள்ளையைக் கூப்பிட்டு எப்படிப் படிக்கிறாய் என்று கேளுங்கள்.