‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்றால் எது இலவசம்?

கொடைக்கானலில் ஒரு விடுதி. முன்பதிவுப் பக்கத்தில் ‘குழந்தைகளுக்கு இலவசம்’ என்று மட்டும் இருக்கிறது. 4 வயது மகளும் 9 வயது மகனுமாக வந்து இறங்கும் தம்பதியிடம், மகனுக்குக் கூடுதல் மெத்தைக் காசு கேட்டால் வரவேற்பறையிலேயே சண்டைதான். வயது, படுக்கை, காலை உணவு, மூன்றையும் சொல்லாததே காரணம்.

இப்படி எழுதலாம்: “5 வயது நிறையாத குழந்தை உங்கள் கட்டிலிலேயே படுத்தால் கட்டணம் இல்லை, காலை உணவும் உண்டு. 5 முதல் 11 வயது வரை, மெத்தையும் காலை உணவும் சேர்த்து இரவுக்கு 800 ரூபாய். வந்து சேரும் நாளில் உள்ள வயதே கணக்கு.” கடைசி வரியை விட்டுவிட்டால், தங்கும்போது பிறந்தநாள் வரும் பிள்ளையால் வழக்கு வரும்.

செல்லப்பிராணி விதியில் ‘கண்டிப்பாக அனுமதி இல்லை’ என்ற அதட்டல் எதற்கு? “நாய், பூனைகளைத் தங்கவைக்க எங்களிடம் வசதியில்லை” என்றாலே புரியும்.

புகைபிடித்தலில் சட்டமும் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 அறைகளாவது உள்ள விடுதிதான் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம். சிறிய விடுதி அப்படி வாக்குத் தரக்கூடாது. “அறையிலும் பால்கனியிலும் புகைக்க வேண்டாம், மீறினால் சுத்தம் செய்ய 2,000 ரூபாய்” என்று தொகையையும் முன்பே சொல்லிவிடுவதுதான் மரியாதை.